மேற்கட்டியில் ஒரு வானம்

பாண்டியனின் அரண்மனையில் நள்ளிரவு. வெளியே தூறல் ஓயவில்லை, வாடை வீசுகிறது. உள்ளே, பள்ளியறையின் வட்டக் கட்டிலில் அரசி உறங்காமல் கிடக்கிறாள். கணவன் போர்மேற் சென்றிருக்கிறான். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் சுற்றியிருந்து, சிறிய கதைகளும் நெடிய கதைகளும் சொல்லித் தேற்றுகின்றனர். உன் துணைவர் விரைவில் வந்துவிடுவார் என்கின்றனர். அச்சொற்கள் அவள் நெஞ்சில் தங்கவில்லை. அவள் கண்கள் மேல்நோக்கி ஒரு விண்மீனைக் காண்கின்றன. நெடிய பெருமூச்சொன்று வெளிப்படுகிறது. கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் வழித்துத் தெறிக்கிறாள்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையின் நடுவண் அமைந்த காட்சி இது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் 188 அடிகளில் இதனைப் பாடினார். பிரிந்திருக்கும் தலைவிக்கு நெடியதாயும், வெற்றியை நாடிப் பாசறையில் இருக்கும் தலைவனுக்கு நல்லதாயும் அமைந்த வாடை என்பது பாட்டின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம்.

இக்காட்சியைத் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர் பலர், ‘அரசி வானத்து விண்மீனை நோக்கி வருந்தினாள்’ என்று எழுதிவிடுகின்றனர். அது பிழை. அவள் பார்ப்பது வானத்து விண்மீனை அன்று. கட்டிலுக்கு மேலே கட்டிய துணியில் தீட்டப்பட்ட விண்மீனை. அந்த இரவில் வானத்து விண்மீன் எதையும் யாராலும் பார்க்க இயலாது. ஏன் இயலாது என்பதைப் பாட்டின் முதல் அடிகளிலேயே நக்கீரர் வானத்தைக் குறிக்கும் சொற்களால் உணர்த்திவிடுகிறார். அச்சொற்களை அகராதிப் பொருளில் ‘ஆகாயம்’ என்று மட்டும் கொண்டு கடந்து சென்றால், அரசியின் துயரத்தில் பாதி நமக்குப் புலப்படாமற் போகும்.

வானமும் விசும்பும்

பாட்டின் தொடக்கத்தில் வரும் சொல் ‘வானம்’. உலகம் குளிர்ந்து நடுங்கும்படி வலமாக எழுந்து மலையை வளைத்து, பருவம் பொய்க்காமல் புதுமழை பொழிந்தது வானம் என்கிறார் புலவர். இங்கே வானம் என்பது நீலமாய்த் தெரியும் வெளி அன்று, மேகம். எழுவதும் வளைவதும் பொழிவதும் மேகத்தின் செயல்கள். திருக்குறளில் ‘வான் சிறப்பு’ என்னும் அதிகாரம் மழையைப் பற்றியதாக இருப்பதும் இப்பொருளால்தான்.

இந்தப் பொருள் நம் பேச்சில் இன்னும் அழியவில்லை. மழையை மட்டும் நம்பியிருக்கும் புன்செய் நிலத்தை ‘வானம் பார்த்த பூமி’ என்கிறோம். மழை பெய்யாத ஆண்டில் ‘வானம் பொய்த்துவிட்டது’ என்கிறோம். மழை, காற்று, வெயில் ஆகியவற்றை முன்னறிந்து சொல்லும் அறிக்கைக்கு ‘வானிலை அறிக்கை’ என்று பெயர். கோள்களுக்கு இடையே செல்லும் கலத்தையோ ‘விண்கலம்’ என்கிறோம். மேகமும் மழையும் உள்ள அண்மைப் பகுதிக்கு ஒரு சொல்லும், அதற்கப்பால் உள்ள உயரத்திற்கு வேறொரு சொல்லும் எவரும் கற்பிக்காமலே நம் நாவில் அமைகின்றன. நக்கீரரின் பாட்டிலும் அதே பிரிவினை காணப்படுகிறது.

சில அடிகள் கழித்து அவர் ‘விசும்பு’ என்னும் சொல்லை ஆளுகிறார். பெருமழை பெய்து தீர்ந்த வெண்மேகம், அகன்ற கரிய விசும்பிலே நுண்ணிய துவலையைத் தூவுகிறது. இப்போது மேகத்திற்கு அவர் இடும் பெயர் ‘மழை’. பெய்யும் பொருளையும் பெய்யப்படும் நீரையும் ஒரே பெயரால் வழங்குவது பழந்தமிழ் வழக்கு. மேகம் தனிப்பொருளாகப் பிரிந்துவிட்டதால், அது தங்கும் அகன்ற இடத்திற்கு விசும்பு என்னும் சொல் வேண்டியதாயிற்று. வானம் செயல்படுவது, விசும்பு இடம் தருவது. எல்லாச் சங்கப் பாடல்களிலும் இவ்வேறுபாடு இவ்வளவு கறாராகக் காக்கப்படுகிறது என்று சொல்ல முடியாது. பல இடங்களில் இவ்விரண்டும் மாறிமாறி வருகின்றன. ஆயினும் இப்பாட்டின் தொடக்கத்தில், புலவர் சொல்லை மாற்றும் இடம் காரணத்தோடுதான் அமைந்துள்ளது.

ஆக, முதல் இருபதடிகளுக்குள்ளேயே விசும்பு முழுவதும் மூடப்பட்டுவிட்டது. அதன் விளைவு நகரில் எப்படித் தெரிகிறது? மாலைப்பொழுது வந்ததா இல்லையா என்பதே மகளிர்க்குத் தெரியவில்லை. ஞாயிறு மறைவதைப் பார்க்க வழியில்லை. மலரும் பருவத்துப் பித்திக அரும்புகளைத் தட்டில் இட்டு வைத்திருக்கின்றனர். அவை இதழ் விரிந்து மணக்கும்போது, மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். பித்திகம் என்பது இன்று பிச்சி என்று நாம் வழங்கும் பூ. கண்ணால் அறிய வேண்டிய பொழுதை மூக்கால் அறியும்படி ஆயிற்று. மாடத்துப் புறாக்களுக்கு அந்த உதவியும் இல்லை. அவை பகலும் இரவும் பிரித்தறியாமல் மயங்கி, இரை தேடவும் செல்லாமல், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கின்றன.

அரண்மனையில் நிலவொளியை நுகர்வதற்கென்றே அமைத்த நெடிய வெண்ணிற முற்றம் ஒன்று உண்டு. அந்த முற்றத்தை நிலவின் பயன் கொள்ளும் இடம் என்று குறித்துவிட்டு, அடுத்த அடியிலேயே மீன்வாய் போன்ற தூம்பு நிறைந்து மழைநீர் அருவியாய்க் கொட்டுவதைச் சொல்கிறார் புலவர். முற்றத்தில் நிலவு இல்லை, நீர்தான் இருக்கிறது. இந்த இடத்தில் ‘நிலவு’ என்பதற்குச் சந்திரன் என்று பொருள் கொள்ளலாகாது. சங்க காலத்தில் நிலவு என்பது ஒளியைக் குறிக்கும். அவ்வொளியைத் தரும் பொருளுக்குத் திங்கள், மதி என்னும் பெயர்கள் இருந்தன. பிற்காலத்தில்தான் ஒளியின் பெயர் ஒளிதரும் பொருளுக்கே பெயராயிற்று.

நாள் என்னும் சொல்

அரசியின் கட்டிலை அடையுமுன் புலவர் நம்மை அரண்மனை வாயில் வழியாக அழைத்துச் செல்கிறார். அவ்வாயிலின் மேல் கிடக்கும் பெருமரத்தை, ‘நாளின் பெயரைக் கொண்ட மரம்’ என்னும் பொருள்படச் சுற்றி வளைத்துச் சொல்கிறார். எந்த நாள்? உரையாசிரியர் நச்சினார்க்கினியர், உத்திரம் என்னும் விண்மீனின் பெயரைப் பெற்ற மரம் என்று விளக்குகிறார். இன்றும் வீட்டுக் கூரையைத் தாங்கும் குறுக்குமரத்தை உத்திரம் என்றுதான் கொத்தனாரும் தச்சரும் சொல்கின்றனர். பெயரளவில் ஒற்றுமை கொண்ட இரண்டை வைத்துப் புலவர் விளையாடுகிறார். இந்த விளையாட்டு ‘நாள்’ என்னும் சொல்லைத் திறந்து காட்டுவதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

பழந்தமிழர் வானத்து ஒளிப்பொருள்களை இரண்டாகப் பகுத்தனர். ஒன்று நாள்மீன்; மற்றொன்று கோள்மீன். செவ்வாய், வெள்ளி போல இடம்பெயர்ந்து திரிபவை கோள்மீன்கள். ஒன்றற்கொன்று இடம் மாறாமல் நிற்கும் விண்மீன்களுள், திங்கள் செல்லும் வழியில் அமைந்த 27 தொகுதிகள் நாள்மீன்கள். அசுவினி முதல் இரேவதி வரை நாம் நட்சத்திரம் என்று நாட்காட்டியில் பார்ப்பவை இவையே.

விண்மீனுக்கு ‘நாள்’ என்று பெயர் வந்தது எவ்வாறு? திங்கள் விண்மீன்களுக்கு இடையே மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து, புறப்பட்ட விண்மீனையே மீண்டும் அடைய ஏறத்தாழ 27.3 நாள்கள் ஆகின்றன. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஏறத்தாழ ஒரு நாள் வீதம் அது தங்கிச் செல்கிறது. திங்கள் தங்கும் விண்மீனும், அது தங்கும் காலமும் ஒரே பெயரைப் பெற்றன. ‘நல்ல நாள் பார்த்தல்’ என்னும் வழக்கில் நாள் என்பது தொடக்கத்தில் விண்மீனையே குறித்தது. ‘இன்று என்ன நாள்?’ என்றால் திங்கள் இன்று எந்த மீனோடு இருக்கிறது என்பது பொருள்.

இதனை மாணவர் கண்ணாலேயே காணலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வானம் தெளிந்த ஓர் இரவில், ஒன்பது மணியளவில் கிழக்கே நோக்கினால், நெருங்கிய சிறு கொத்தாகக் கார்த்திகை மீன்கள் உயரத்தில் தெரியும். அதற்குக் கீழே, கிழக்குப் பக்கமாக, செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் தனிமீன் ஒன்று உண்டு. அதனை ஒட்டி மங்கலான சில மீன்கள் இரு கிளையாகப் பிரிந்து, முளைக்குச்சியின் கவை போல் நிற்கும். அந்தச் செம்மஞ்சள் மீன்தான் உரோகிணி. திருக்கார்த்திகை நாளன்று முழுமதி கார்த்திகை மீன்களுக்கு அருகே இருக்கும். மறுநாள் இரவு அதே நேரத்தில் பார்த்தால் உரோகிணியின் அருகே வந்திருக்கும். கையை முழுவதும் நீட்டி மூடிப்பிடித்த விரற்கணுக்களின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. திங்கள் ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையே அதனினும் சற்று மிகுதியாக, 13 பாகை அளவு, கிழக்கே நகர்ந்துவிடும். மூன்றாம் இரவில் அது உரோகிணியையும் விட்டுச் சென்றிருக்கும். நிலவின் பேரொளியில் மங்கல் மீன்கள் மறைந்தாலும் உரோகிணி மறைவதில்லை.

நெடுநல்வாடை நிகழும் கூதிர்ப்பருவம் ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். அதாவது, ஒளி மிகுந்த திங்கள் உரோகிணியை நெருங்கி, இரவு நெடுக வானில் உயர்ந்து நிற்கும் பருவமே அது. மேகம் மட்டும் இல்லாதிருந்தால், அரண்மனை முற்றத்தில் நின்றே அரசி அதனைக் கண்டிருக்கலாம்.

தீட்டிய விண்

போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தங்களைக் கடைந்து அமைத்த கால்களையுடையது அரசியின் கட்டில். வட்டமானது, ‘பாண்டில்’ என்று அதற்குப் பெயர். அதன்மேல் அரசி கிடக்கும் நிலையை, வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நின்றுவிட்ட ஓவியத்திற்கு ஒப்பிடுகிறார் நக்கீரர். முத்துமாலை கிடந்த மார்பில் இப்போது மங்கல நாண் மட்டும் தொங்குகிறது. பொன்வளை கிடந்த கையில் சங்குவளையும் காப்பு நூலும் உள்ளன. நிறமெல்லாம் அவளை விட்டு நீங்கிவிட்டது.

நிறமெல்லாம் எங்கே இருக்கிறது? அவளுக்கு மேலே. கட்டிலின் மேல் மெழுகு பூசிய துணியாலான மேற்கட்டி புதிதாக அமைந்திருக்கிறது. அதில் விண் தீட்டப்பட்டிருக்கிறது. திண்ணிய கொம்புடைய ஆட்டை முதலாகக் கொண்ட வழியிலே ஞாயிறு செல்கிறது. ஆடு என்பது மேடம். பன்னிரண்டு இராசிகளுள் முதலாவது. வடமொழிப் பெயரைச் சொல்லாமல் விலங்கின் தமிழ்ப் பெயராலேயே புலவர் இராசி மண்டலத்தைச் சுட்டிவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் வானம், விசும்பு என்னும் சொற்களை விடுத்து ‘விண்’ என்னும் சொல்லை அவர் எடுக்கிறார். காரணம் எளிது. தீட்டிய துணியில் மேகம் இல்லை, மழை இல்லை. ஞாயிறும் திங்களும் விண்மீனும் செல்லும் உயரம் மட்டுமே இருக்கிறது. பாட்டின் தொடக்கத்தில் வானம் மூடிய ஒன்றைத் துணி திறந்து காட்டுகிறது.

ஞாயிற்றுக்கு அவர் இடும் பெயர் ‘மண்டிலம்’. வட்டம் என்பது அதன் பொருள். இச்சொல் முன்னரும் பாட்டில் வந்துள்ளது. அரண்மனைக்கு மனை வகுத்த நண்பகற் பொழுதில், ஞாயிறு எப்பக்கமும் சாராது நிற்பதை நட்ட கோல்களின் நிழலால் கண்டு, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறித்தனர் என்னும் பகுதியில் அது உண்மையான ஞாயிறு. கட்டடத்தின் தொடக்கத்தில் உண்மையான மண்டிலம். அக்கட்டடத்தின் உள்ளே, பள்ளியறையில், தீட்டிய மண்டிலம். வெளியிலிருந்து உள்ளே வரவர, ஞாயிறு கைக்கெட்டும் தொலைவுக்கு வந்து ஓவியமாகிவிடுகிறது.

ஞாயிற்றோடு மாறுபட்ட சிறப்புடைய ‘செல்வன்’ ஒருவனும் அவ்வோவியத்தில் இருக்கிறான். அவனே திங்கள் என்பது நச்சினார்க்கினியர் உரை. திங்கள் என்றோ மதி என்றோ சொல்லாமல், ஓர் ஆடவனுக்கு உரிய சொல்லைப் புலவர் தேர்ந்தது ஏன்? அவனோடு நிலைபெற்று நிற்பவளின் பெயர் அடுத்து வருகிறது: உரோகிணி. அரசியின் பெருமூச்சு அந்தப் பெயரைத் தொட்டுத்தான் எழுகிறது.

சகடமா, உரோகிணியா?

உரோகிணிக்குத் தமிழில் வேறு பெயரும் உண்டு. அருகிலுள்ள மங்கல் மீன்களோடு சேர்த்துப் பார்க்கும்போது வண்டியின் வடிவம் தோன்றுவதால் அதனைச் சகடம், சகடு என்றனர். அகநானூற்றின் 136ஆம் பாட்டில், தன் திருமண நாளை நினைத்துப் பார்க்கும் தலைவன், திங்களும் சகடமும் கூடிய குற்றமற்ற நாள் அது என்கிறான். சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிலும், திங்கள் சகடை அணைந்த வேளையில்தான் கோவலன் கண்ணகி திருமணம் நிகழ்கிறது. ஆக, திங்கள் அம்மீனைச் சேரும் நாள் தமிழர்க்கு மணநாள். இதனை அறிந்த ஒருத்தி அம்மீனைத் திங்களோடு சேர்த்துப் பார்ப்பாளாயின், அவள் நினைவில் எழுவது விண்ணியல் செய்தியாக இராது. தன் மணப்பந்தரே எழும்.

அப்படியானால் நக்கீரரும் சகடம் என்றே சொல்லியிருக்கலாமே? அச்சொல் இங்கே பொருந்தாது. சகடம் என்பது வடிவம் பற்றிய பெயர். அது ஒரு பொருள். திருமணத்திற்கு நாள் குறிப்பவனுக்கு அது போதும். உரோகிணி என்பது ஒரு பெண்ணின் பெயர். புராண மரபில் தக்கனின் மகளிர் 27 பேரும் திங்களின் மனைவியர். அவர்களுள் அவன் பிரியாமல் விரும்பியிருந்தவள் உரோகிணி. அரசிக்குத் தேவைப்படுவது நல்ல நாளைச் சுட்டும் ஒரு வண்டி அன்று. கணவனைப் பிரியாத ஒரு மனைவி. திங்களைச் ‘செல்வன்’ என்று ஆண்பாலாக்கியதும், மீனை ‘உரோகிணி’ என்று பெண்பாலாக்கியதும் ஒரே நோக்கத்தின் இரு பக்கங்கள். வடசொல் என்பதற்காக இதனைக் குறையாகக் கருதுவோரும், வடசொல் என்பதற்காகவே சிறப்பாகக் கருதுவோரும் இந்நோக்கத்தைக் காணத் தவறுகின்றனர்.

இன்னொரு சொல்லும் இங்கே எண்ணத் தக்கது. உரோகிணி செல்வனோடு ‘நிலைஇய’ தன்மையுடையவள் என்கிறார் புலவர். நிலைபெற்ற, நீங்காது தங்கிய என்பது பொருள். விண்ணில் நடப்பது இதுவா? அன்று. முன்னர்க் கண்டபடி, உண்மையான திங்கள் உரோகிணியோடு ஒரு நாளே தங்கும். பின்னர் நீங்கி, மீண்டும் வர 27 நாள்கள் ஆகும். வானத்து உரோகிணியும் பிரிவறியாதவள் அல்லள். அரசி உண்மை வானத்தைப் பார்த்திருந்தால், இன்று கூடி நாளை பிரியும் இருவரையே கண்டிருப்பாள். அதில் அவளுக்குச் சிறிது ஆறுதலும் கிடைத்திருக்கலாம், பிரிந்தவன் மீள்வான் என்பதால். ஆனால் ஓவியன் வரைந்த திங்கள் நகராது. துணி கிழியும் வரை அவன் அவளோடு இருப்பான். இந்த அரசியின் பொறாமைக்கு உரியவள் வானத்து உரோகிணி அல்லள், மேற்கட்டியின் உரோகிணியே. மழை வானத்தை மறைத்திராவிட்டால் இத்துணைத் துயரம் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

திரிதலும் முரணும்

தலைவியின் துயரத்தைக் கண்ட செவிலி, போர் இப்போதே வெற்றியோடு முடிக என்று கொற்றவையை வேண்டுகிறாள். அவ்வேண்டுதலிலிருந்து பாட்டு நேரே பாசறைக்குத் தாவுகிறது. அங்கும் அதே இரவு, அதே வாடை. காற்று வீசுந்தோறும் விளக்குகளின் சுடர்கள் அசைந்து தெற்கே சாய்கின்றன. வாடை வடக்கிலிருந்து வருவதை இவ்வளவு எளிதாக வேறு எவ்வாறு காட்ட முடியும்! அவ்விளக்கிற்கும் ‘பாண்டில்’ என்றே பெயர். அரசியின் கட்டிலைக் குறித்த அதே சொல், வட்டமானது என்னும் பொருளில், இங்கே விளக்கைக் குறிக்கிறது.

வேம்பின் தழை கட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே நடந்து, புண்பட்ட மறவர்களை அரசனுக்குக் காட்டிச் செல்கிறான். வேம்பு பாண்டியர்க்கு அடையாளப் பூ என்பதால், தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிடுகிறது என்றும், ஆதலின் இப்பாட்டு அகம் ஆகாது புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் கருதினார். தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. ஒரு தழையினால் பாட்டின் திணையே மாறுமா என்று அறிஞர் இன்றும் வழக்கிடுகின்றனர். அவ்வழக்கு நமக்கு இங்கே வேண்டுவதில்லை. அரசன் நடப்பதைப் புலவர் எச்சொல்லால் சொல்கிறார் என்பதே வேண்டும்.

நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாமல், சிலரோடு ‘திரிதரும்’ வேந்தன் என்கிறார். மேற்கட்டியில் விண்ணிலே ஊர்ந்து செல்லும் ஞாயிற்றுக்கும் இதே ‘திரிதரும்’ என்னும் சொல்லைத்தான் அவர் வைத்திருந்தார். அடுத்து, பலரோடு ‘முரணிய’ பாசறைத் தொழில் என்று பாட்டை முடிக்கிறார். ஞாயிற்றோடு மாறுபட்ட திங்களைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லும் ‘முரண்’ என்பதே. விண்ணில் திரிவதும் முரணுவதும் அரசியின் கட்டிலுக்கு மேலே ஓவியமாய் அசையாது நிற்கின்றன. மண்ணில் அவள் கணவன் உண்மையாகவே திரிகிறான், உண்மையாகவே முரணுகிறான். அவள் தன்னை உரோகிணியின் இடத்திலும், கணவனைச் செல்வனின் இடத்திலும் வைத்துப் பார்க்க விழைகிறாள். பாட்டின் சொற்களோ அவனை ஞாயிற்றின் பக்கம், ஓரிடத்திலும் தங்காது செல்லும் மண்டிலத்தின் பக்கம் சேர்க்கின்றன. இது அவளுக்குத் தெரியாது. பாசறையை அவள் காணவில்லை. இரண்டையும் காண்பவர் பாட்டைப் படிப்பவரே.

பாசறையில் அரசனுக்கும் வானம் தெரியவில்லை. ஓர் இளைஞனின் தோளில் கைவைத்து, புண்பட்டோரை முகமலர்ச்சியோடு நோக்கியபடி அவன் நடக்கிறான். சேற்றுத் தெருவில் குதிரைகள் தம்மேல் விழும் துளிகளை உதறுகின்றன. அவன் தலைக்குமேல் முத்துமாலை தொங்கும் வெண்குடை. திங்களுக்கு உவமையாகப் புலவர்கள் வழிவழியாகப் பாடிவந்த வெண்கொற்றக்குடை. அது அசைந்து அசைந்து, மேலே விழும் தூறலை மறைத்துக்கொண்டிருக்கிறது.